மாலையில் மட்டும் சந்தையைப் பார்ப்பவருக்கு எது பொருந்தும்: மெழுகுவர்த்தியா, நகரும் சராசரியா, வரைபடமே இல்லாத வழியா?

பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டையில் வேலை பார்ப்பவருக்கும் பங்குச் சந்தைக்கும் நேரம் ஒத்துவருவதில்லை. புர்சா மலேசியா காலை 9 மணிக்குத் திறந்து 12.30க்கு இடைவேளை விடுகிறது, 2.30க்கு மீண்டும் தொடங்கி 5 மணிக்கு முடிகிறது. அந்த நேரமெல்லாம் அவர் உற்பத்திக் கூடத்தில் இருக்கிறார். பாலத்தைக் கடந்து பட்டர்வொர்த் வீட்டுக்கு வந்து, சாப்பிட்டுவிட்டு உட்காரும்போதுதான் அன்றைய விலைகள் கண்ணில் படுகின்றன. என் சித்தி மகன் அப்படிப்பட்ட ஒருவன். கையில் 10,000 ரிங்கிட் சேர்த்து வைத்திருக்கிறான். "அண்ணா, மெழுகுவர்த்தி வரைபடம் படிக்கக் கற்றுக்கொள்ளட்டுமா, நகரும் சராசரியை வைத்து வாங்கி விற்கட்டுமா, இல்லை இரண்டுமே வேண்டாமா?" என்று கேட்டான். அவனைப் போல வேலைக்குப் போய்க்கொண்டே முதலீடு செய்ய நினைக்கும் எல்லோருக்கும் அந்தக் கேள்வி பொதுவானது என்பதால் பதிலை விரிவாகவே எழுதுகிறேன்.

என் முடிவை முதலில் சொல்லிவிடுகிறேன். நடந்ததை ஒரு பார்வையில் காட்டும் பதிவாக மெழுகுவர்த்தி வரைபடம் அருமையானது. நாளை என்ன நடக்கும் என்று சொல்லும் கருவியாக அதை நான் நம்பவில்லை. நகரும் சராசரிக்கு ஓர் இடம் உண்டு, ஆனால் அந்த இடம் சிறியது. விதிகளும் செலவும் சரியாக அமைந்தால் மட்டுமே அது பயன்படும். வரைபடமே இல்லாத வழிதான் மற்ற இரண்டையும் அளந்து பார்க்க வேண்டிய அளவுகோல்.

மெழுகுவர்த்தி எதைச் சொல்கிறது, எதைச் சொல்வதில்லை

ஒரு மெழுகுவர்த்திக்குள் நான்கு விலைகள் இருக்கின்றன: அன்றைய தொடக்க விலை, உச்ச விலை, அடிமட்ட விலை, நிறைவு விலை. தொடக்கத்துக்கும் நிறைவுக்கும் இடைப்பட்ட தடித்த பகுதி உடல். அதற்கு மேலும் கீழும் நீளும் மெல்லிய கோடுகள் நிழல்கள். ஜப்பானில் ஒசாகாவின் டோஜிமா அரிசிச் சந்தையோடும், 18ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த ஹொம்மா முனேஹிசா என்ற அரிசி வணிகரோடும் சேர்த்து இந்த மரபைச் சொல்வது வழக்கம். நிறத்தில் மட்டும் கவனம் வேண்டும். நம் நாட்டுத் தளங்களில் பெரும்பாலும் பச்சை ஏற்றத்தையும் சிவப்பு இறக்கத்தையும் குறிக்கின்றன. ஜப்பானிய, சீன வழக்கத்தில் சிவப்புதான் ஏற்றம். புதிதாக ஒரு செயலியைத் திறந்ததும் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான்.

வடிவங்களுக்குப் பெயர் வைத்து, அந்தப் பெயரிலிருந்து நாளைய விலையைச் சொல்லும்போதுதான் சிக்கல் வருகிறது. 'சுத்தியல்' என்ற வடிவத்தை எடுத்துக்கொள்வோம். விலை இறங்கிக்கொண்டிருக்கும் காலத்தில், சிறிய உடலோடும், அந்த உடலைப் போல் இரண்டு மடங்குக்குக் குறையாத கீழ்நிழலோடும் ஒரு மெழுகுவர்த்தி வந்தால், விற்றவர்கள் களைத்துவிட்டார்கள், இனி ஏறும் என்று பொருள் சொல்வார்கள்.

இப்போது நம் சந்தையில் 12 சென்னுக்கு விற்கும் ஒரு பங்கைப் பாருங்கள். புதிதாக வருபவர்கள் விரும்பிப் போகும் இடம் இதுதான், ஏனென்றால் 1,000 ரிங்கிட்டுக்கு எட்டாயிரத்துக்கும் மேற்பட்ட பங்குகள் கிடைக்கும். புர்சாவில் 1 ரிங்கிட்டுக்குக் கீழ் உள்ள பங்கின் விலை அரை சென் படிகளில்தான் நகர முடியும். 12 சென் பங்குக்கு ஒரு படி என்பதே 4 விழுக்காட்டுக்கு மேல். காலை 0.120இல் தொடங்கி, இரண்டு படி இறங்கி 0.110ஐத் தொட்டு, 0.125இல் முடிந்தால் உடல் ஒரு படி, கீழ்நிழல் இரண்டு படி. இலக்கணம் பிசகாத சுத்தியல். ஆனால் நடந்தது என்ன? விலை மூன்று படிகளுக்குள் மேலும் கீழும் ஆடியிருக்கிறது, அவ்வளவுதான். அந்தப் பங்கால் அதைவிடச் சிறிதாக அசையவே முடியாது என்பதால் வடிவம் பெரிதாகத் தெரிகிறது.

நிறைவு விலை எப்படி உருவாகிறது என்பதையும் பார்க்க வேண்டும். 4.45க்குத் தொடர் வணிகம் நின்று, வந்து சேரும் கட்டளைகளைத் திரட்டி 4.50க்கு ஒரே விலையில் பொருத்துகிறார்கள். நாளெல்லாம் ஆள் நடமாட்டம் இல்லாத பங்கில், அந்தக் கடைசி நேரத்தில் ஒருவர் 100 பங்கு வாங்கினாலே நிறைவு விலை ஒரு படி மாறிவிடலாம். 0.125 விலையில் 100 பங்கின் மதிப்பு 12 ரிங்கிட் 50 சென். அந்தத் தொகை அன்றைய மெழுகுவர்த்தியின் நிறத்தை மாற்றும், வடிவத்தை மாற்றும், அதற்கு வைக்கும் பெயரையும் மாற்றும். இரவு எட்டு மணிக்கு வரைபடத்தைத் திறப்பவருக்கு அது ஆயிரம் பேர் சேர்ந்து எடுத்த முடிவு போலத் தெரியும். வணிக அளவைக் காட்டும் தூண்களை வரைபடத்தின் கீழே வைத்துப் பார்க்காதவர் இதைக் கண்டுபிடிக்க வழியே இல்லை.

அப்படியென்றால் நாளொன்றுக்கு லட்சக்கணக்கில் கைமாறும் பெரிய வங்கிப் பங்குகளிலோ குறியீட்டிலோ இது சரியாக வேலை செய்யுமா? அங்கே மெழுகுவர்த்தி பொய் சொல்வதில்லை, உண்மைதான். நடந்ததைச் சரியாகவே காட்டுகிறது. ஆனாலும் அடுத்தது என்ன என்று சொல்வதில்லை. 2018 மே 14ஐ நினைத்துப் பாருங்கள். மே 9 பொதுத் தேர்தலில் ஆட்சி மாறியது. இரண்டு நாள் விடுமுறைக்குப் பிறகு திங்கட்கிழமை சந்தை திறந்தது. கேஎல்சிஐ குறியீடு காலையிலேயே 2 விழுக்காட்டுக்கு மேல் சரிந்தது. மாலைக்குள் சரிவு முழுவதையும் மீட்டு, தேர்தலுக்கு முந்தைய நிறைவான 1,846ஐயும் தாண்டி 1,850இல் முடிந்தது. எந்தக் கையேட்டைப் புரட்டினாலும் அது வாங்குவோர் வென்ற மெழுகுவர்த்திதான். மே 30 அன்று குறியீடு 1,719. இரண்டரை வாரத்தில் 7 விழுக்காடு போய்விட்டது. வெளிநாட்டு முதலீட்டாளர்கள் தொடர்ந்து விற்றுக்கொண்டிருந்தார்கள். பொருள் சேவை வரி ஜூன் 1 முதல் சுழியமாகப் போகிறது, அரசின் வருமானம் என்னாகும் என்ற கேள்வி சந்தையில் நின்றது. இவற்றில் எதுவும் மே 14இன் நான்கு விலைகளுக்குள் இல்லை.

ஒரே ஒரு நாளைக் காட்டி ஒரு முறையை ஒதுக்குவது நியாயமில்லை. ஆகவே பெரிய அளவில் சோதித்தவர்களிடம் போக வேண்டும். மார்ஷல், யங், ரோஸ் என்ற மூன்று ஆய்வாளர்கள் அமெரிக்காவின் டவ் ஜோன்ஸ் குறியீட்டிலுள்ள பங்குகளின் 1992 முதல் 2002 வரையான விலைகளில் மெழுகுவர்த்தி விதிகளைச் சோதித்து 2006இல் வெளியிட்டார்கள். அந்த விதிகளால் முதலீட்டாளருக்குக் கூடுதல் பலன் எதுவும் இல்லை என்பதே அவர்கள் கண்டது. உலகிலேயே மிகத் தெளிவாக விலை உருவாகும் பங்குகளில் கிடைத்த முடிவு இது. நம் அரை சென் பங்குகளில் இதைவிட மேலாக இருக்கும் என்று நம்ப எனக்குக் காரணம் கிடைக்கவில்லை.

நகரும் சராசரி: கணக்கு எளிது, குணம் எளிதல்ல

கடைசி இருபது நாள் நிறைவு விலைகளைக் கூட்டி இருபதால் வகுத்தால் இன்றைய 20 நாள் சராசரி. நாளைக்கு ஒரு புதிய விலை உள்ளே வரும், மிகப் பழையது ஒன்று வெளியே போகும். இதில் பலர் கவனிக்காத ஒன்று உண்டு. ஐந்து நாள் விலைகள் 2.00, 2.04, 2.02, 2.08, 2.11 என்று இருந்தால் சராசரி 2.05. மறுநாளும் விலை 2.11ஆகவே நின்றாலும் சராசரி 2.072க்கு ஏறிவிடும், ஏனென்றால் 2.00 வெளியே போய்விட்டது. கோடு மேலே திரும்பியது இன்றைய செய்தியால் அல்ல, ஐந்து நாளுக்கு முன்பிருந்த விலை கணக்கிலிருந்து விழுந்ததால். சராசரிக் கோடு வளைவதைப் பார்த்து 'ஏதோ நடக்கிறது' என்று பரபரப்பவர்கள், வெளியே போன விலை எது என்று ஒருமுறை பார்த்துக்கொள்வது நல்லது.

சராசரி எப்போதும் பின்தங்கித்தான் வரும். விலை ஒரே சீராக ஏறினால் 20 நாள் சராசரி ஒன்பதரை நாள் பின்னால் இருக்கும். 200 நாள் சராசரி ஏறக்குறைய நூறு வணிக நாள் பின்னால் இருக்கும். இதைக் குறை என்று சொல்ல மாட்டேன். சின்னச் சின்ன ஆட்டங்களை மழுப்பிக் காட்டுவதற்காக நாம் கொடுக்கும் விலை அது.

இதை வைத்து மிக எளிய விதி ஒன்றைச் சோதிப்போம். நிறைவு விலை 20 நாள் சராசரிக்கு மேலே போனால் மறுநாள் வாங்க வேண்டும். கீழே போனால் மறுநாள் விற்க வேண்டும். மாலையில் பார்த்து முடிவெடுத்து, மறுநாள் காலை வேலைக்குப் போகும் முன் கட்டளையைப் போட்டுவிடலாம் என்பதால் பாயான் லெப்பாஸ்காரருக்கு இது நடைமுறையில் சாத்தியம். கணக்குப் புரிவதற்காக ஒரு கற்பனைப் பங்கை எடுத்துக்கொள்கிறேன்.

முதல் நிலை, திசையில்லாத சந்தை. பங்கு 2.00இலிருந்து நாளுக்கு 2 சென் ஏறிப் பத்து நாளில் 2.20ஐத் தொடுகிறது, பிறகு அதே வேகத்தில் இறங்கி மீண்டும் 2.00க்கு வருகிறது. இதே சுற்று திரும்பத் திரும்ப நடக்கிறது. ஒரு சுற்று சரியாக இருபது நாள் என்பதால் 20 நாள் சராசரி நடுவில் 2.10இல் அசையாமல் நிற்கும். ஏறும்போது 2.12இல் முடிந்த அன்று மாலை நமக்கு வாங்கச் சொல்லும் குறி கிடைக்கிறது, மறுநாள் 2.14க்கு வாங்குகிறோம். இறங்கும்போது 2.08இல் முடிந்ததும் விற்கச் சொல்லும் குறி; மறுநாள் 2.06க்கு விற்கிறோம். விதியை ஒரு நூல் பிசகாமல் பின்பற்றியும் பங்குக்கு 8 சென் நட்டம்.

2,000 பங்கு என்றால் 160 ரிங்கிட். இதன் மேல் செலவு வருகிறது. தரகுக் கட்டணம் குறைந்தது 8 ரிங்கிட் என்று வைத்துக்கொள்வோம். உங்கள் தரகரிடம் அது வேறாக இருக்கலாம். முத்திரை வரி ஆயிரத்துக்கு 1 ரிங்கிட், மிச்சமுள்ள பகுதிக்கும் முழு ரிங்கிட். தீர்வுக் கட்டணம் 0.03 விழுக்காடு. 4,280 ரிங்கிட்டுக்கு வாங்கும்போது 14.28, 4,120 ரிங்கிட்டுக்கு விற்கும்போது 14.24. எல்லாம் சேர்த்து ஒரு சுற்றுக்கு 188.52 ரிங்கிட் நட்டம், போட்ட பணத்தில் 4.4 விழுக்காடு. ஒரு சுற்று என்பது இருபது வணிக நாள், ஏறக்குறைய ஒரு மாதம்.

இரண்டாம் நிலை, அதே பங்குக்குத் திசை பிறக்கிறது. 2.10இல் சில வாரம் அமைதியாகக் கிடந்துவிட்டு, நாளுக்கு 2 சென் வீதம் அறுபது நாள் ஏறி 3.30ஐத் தொட்டு, பிறகு அதே வேகத்தில் இறங்கத் தொடங்குகிறது. முன்பு போலவே 2.12இல் குறி, 2.14க்கு வாங்குகிறோம். உச்சத்தில் விதி வாய் திறக்காது. உச்சத்துக்கு ஆறு நாள் கழித்து விலை 3.18, சராசரி 3.188, அன்று மாலைதான் குறி கிடைக்கிறது. மறுநாள் 3.16க்கு விற்கிறோம். உச்ச விலையிலிருந்து 14 சென் விட்டுக்கொடுத்தாலும் பங்குக்கு 1 ரிங்கிட் 2 சென் கையில் நிற்கிறது. 2,000 பங்குக்குச் செலவு போக ஏறக்குறைய 2,009 ரிங்கிட்.

இந்த இரண்டு தொகைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒரு நல்ல ஏற்றத்தில் வந்த லாபம், பத்துத் திசையில்லாத சுற்றுகளின் நட்டத்தை ஈடுகட்டுகிறது. நகரும் சராசரியின் குணமே இதுதான்: அடிக்கடி சிறு நட்டம், எப்போதாவது பெரிய லாபம். மூன்றாவது நட்டத்தில் மனம் நொந்து விதியைக் கைவிட்டவருக்கு, நான்காவதாக வரும் ஏற்றம் கிடைக்காது; அவர் கணக்கில் நட்டங்கள் மட்டுமே எழுதப்பட்டிருக்கும். அடுத்த சுற்று எந்த வகை என்பதை 2.12இல் நிற்கும்போது யாராலும் சொல்ல முடியாது, ஏனென்றால் அந்த மாலையில் இரண்டு நிலைகளின் வரைபடத்திலும் கிடைக்கும் குறி ஒன்றேதான். ஆண்டுக்கு எத்தனை நல்ல ஏற்றங்கள் வரும் என்பதைப் பங்கின் தொழிலும் பொருளாதாரமும் தீர்மானிக்கின்றன. சராசரிக்கு அதில் பங்கில்லை.

மலேசியாவில் ஒருகாலத்தில் பலித்தது

இந்த இடத்தில் நியாயமாகச் சொல்ல வேண்டிய செய்தி ஒன்று இருக்கிறது. பெசெம்பைண்டர், சான் என்ற இரு ஆய்வாளர்கள் ஆசியாவின் ஆறு சந்தைகளில் நகரும் சராசரி போன்ற எளிய விதிகளைச் சோதித்து 1995இல் வெளியிட்டார்கள். ஜப்பானிலும் ஹாங்காங்கிலும் பலன் குறைவு. மலேசியா, தாய்லாந்து, தைவான் மூன்றிலும் விதிகள் நன்றாகவே வேலை செய்திருந்தன. 'தொழில்நுட்பப் பகுப்பாய்வு வெறும் மூடநம்பிக்கை' என்று அடித்துச் சொல்பவர்களுக்கு இது ஒரு கேள்வி. ஆனால் அதே ஆய்வு இன்னொன்றையும் கணக்கிட்டது: வாங்கி விற்கும் ஒரு சுற்றின் செலவு சராசரியாக 1.57 விழுக்காட்டை எட்டினால், அந்த லாபம் முழுவதும் கரைந்துவிடும்.

நம் செலவை அதோடு பொருத்திப் பார்ப்போம். 1,000 ரிங்கிட்டுக்கு ஒரு பங்கை வாங்கி அதே விலைக்கு விற்றால், மேலே சொன்ன கட்டணங்களின்படி ஒவ்வொரு முறையும் 9.30, ஒரு சுற்றுக்கு 18.60. அதாவது 1.86 விழுக்காடு. விதி எவ்வளவு நன்றாக வேலை செய்திருந்தாலும், இந்த அளவில் வணிகம் செய்பவருக்கு அந்த நாளிலேயே எதுவும் மிஞ்சியிருக்காது. 3,000 ரிங்கிட் அளவில் செலவு 0.8 விழுக்காட்டுக்கு இறங்குகிறது. இதோடு வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் இடையே ஒரு படி வித்தியாசம் இருப்பதையும் சேர்க்க வேண்டும். 2 ரிங்கிட் பங்கில் அது அரை விழுக்காடு, 12 சென் பங்கில் 4 விழுக்காடு. சிறு தொகையைப் பல பங்குகளில் பிரித்துப் போட்டு அடிக்கடி வாங்கி விற்கும் பழக்கம், வரைபடம் சரியா தவறா என்ற கேள்வி எழும் முன்பே பணத்தைத் தின்றுவிடுகிறது.

இன்னொரு பொறி, விதியைப் பழைய விலைகளில் தேடி எடுப்பது. 10 நாள், 15 நாள், 20 நாள், 50 நாள் என்று முப்பது சராசரிகளைப் போட்டுப் பார்த்தால் ஒன்று கட்டாயம் அற்புதமாகத் தெரியும். அது அதிர்ஷ்டமா, உண்மையான பலமா என்று பிரித்தறிவது கடினம். அமெரிக்காவில் 1897 முதல் 1986 வரையான டவ் ஜோன்ஸ் விலைகளில் நகரும் சராசரி விதிகள் பலன் தந்ததாக 1992இல் ஓர் ஆய்வு வந்தது. 1999இல் சல்லிவன், டிம்மர்மன், வைட் மூவரும் ஆயிரக்கணக்கான விதிகளிலிருந்து நல்லதைப் பொறுக்கும்போது வரும் அதிர்ஷ்டத்தையும் கணக்கில் எடுத்துச் சோதித்தார்கள். 1986க்குப் பிந்தைய பத்து ஆண்டுகளில் சிறந்த விதிகளின் பலம் நிற்கவில்லை. ஆகவே யாராவது 'இந்தப் பங்குக்கு 17 நாள் சராசரிதான் பொருந்தும்' என்று சொன்னால், எத்தனை எண்களை முயன்று பார்த்து 17க்கு வந்தார் என்று கேளுங்கள்.

வரைபடமே இல்லாத வழி எளிதில் வென்றுவிடுமா?

'வாங்கி வைத்துவிடு, காலம் பார்த்துக்கொள்ளும்' என்பது வேறு நாடுகளில் எடுபடலாம். நம் குறியீட்டில் அந்த வாக்கியத்தை அப்படியே ஏற்க முடியாது. கேஎல்சிஐ 2014 இறுதியில் 1,761. 2024 இறுதியில் 1,642. பத்து ஆண்டு வைத்திருந்தவருக்குக் கிடைத்தது ஈவுத்தொகை மட்டுமே, விலையில் சிறு இழப்பு. அதே பத்து ஆண்டுகளில் ஊழியர் சேமநிதி வாரியம் ஒவ்வோர் ஆண்டும் 5 விழுக்காட்டுக்கு மேல் ஈவு அறிவித்தது, 2023இல் 5.50, 2024இல் 6.30. பினாங்கில் வேலை பார்க்கும் ஒருவர் தன் திறமையை ஒப்பிட வேண்டியது இந்த எண்ணோடுதான், பக்கத்து மேசைக்காரர் சொல்லும் லாபத்தோடு அல்ல. வேலையில் பிடிக்கும் சந்தாவுக்கு மேல் நாமாகவும் அதில் பணம் போடலாம். 2024 மே முதல் 55 வயதுக்குக் குறைந்தவர்கள் போடும் பணம் மூன்று கணக்குகளாகப் பிரிகிறது. பத்தில் ஒரு பங்கை மட்டுமே எப்போது வேண்டுமானாலும் எடுக்கலாம். அவசரத்துக்குத் தேவைப்படும் பணத்தை அங்கே போடக் கூடாது.

பத்து ஆண்டு பக்கவாட்டில் நகர்ந்த குறியீடு நகரும் சராசரிக்கும் நல்ல நிலமல்ல; மேலே பார்த்த 188.52 ரிங்கிட் சுற்றுகள் அங்கே அதிகம். ஆனால் அந்தப் பத்தாண்டில்தான் சராசரியின் ஒரே தெளிவான நன்மையும் தெரிந்தது. 2020 தொடக்கத்தில் குறியீடு 1,588 அளவில் இருந்தது. பிப்ரவரி இறுதியில் 1,482க்கு வந்துவிட்டது, 20 நாள் சராசரிக்கு நன்றாகக் கீழே. விதியைப் பின்பற்றியவர் அப்போதே வெளியேறியிருப்பார். மார்ச் 19 அன்று குறியீடு 1,219. அவர் அந்தக் கடைசிப் பெரிய சரிவுக்குள் இல்லை. எப்போது வாங்குவது என்பதைவிட, எப்போது விட்டு விலகுவது என்பதில்தான் இந்தக் கோடு நமக்கு உதவுகிறது என்று நான் கருதுவது இதனால்தான். விற்க மனம் வராமல் 'கொஞ்சம் பார்ப்போம்' என்று தள்ளிப்போடும் மனிதரிடமிருந்து முடிவை எடுத்து, ஓர் எண்ணிடம் கொடுத்துவிடுகிறது.

அதற்கும் எல்லை உண்டு. மெல்லச் சரியும் விலையில் விதி காப்பாற்றும்; ஒரே இரவில் விழுவதில் காப்பாற்றாது. புர்சாவில் 1 ரிங்கிட்டுக்குக் குறையாத விலையுள்ள ஒரு பங்கு ஒரு நாளில் 30 விழுக்காடு வரை இறங்கலாம். அப்படி அடிமட்ட வரம்பில் நிற்கும் பங்குக்கு விற்பவர்கள் வரிசையில் நிற்பார்கள், வாங்குபவர் இருக்க மாட்டார். மறுநாளும் அதே நடந்தால் 2 ரிங்கிட்டாக இருந்த விலை 98 சென்னுக்கு வந்துவிடும். விதி 'மறுநாள் விற்றுவிடு' என்று சொல்லும், விற்க முடியாது.

10,000 ரிங்கிட்டை வைத்திருப்பவர் என்ன செய்யலாம்

மெழுகுவர்த்தி வடிவங்களைப் பார்த்து வாங்கி விற்கும் வழியை நான் பரிந்துரைக்கவில்லை. பகலில் திரையைப் பார்க்க முடியாதவருக்கு அதில் கூடுதல் இடர்தான். வரைபடத்தை மெழுகுவர்த்தியாகவே வைத்துக்கொள்ளலாம். அன்று விலை எவ்வளவு ஆடியது, வணிக அளவு இருந்ததா என்று பார்க்க அது போதும்.

6,000 ரிங்கிட்டை வரைபடம் தேவையில்லாத வழியில் வைக்கலாம். சேமநிதியா, ஈவு தரும் பங்கா என்பது அந்தப் பணம் எப்போது வேண்டும் என்பதைப் பொறுத்தது. மிச்சம் 4,000 ரிங்கிட்டில் நகரும் சராசரியை முயன்று பார்க்க ஆசைப்பட்டால் தடுக்க மாட்டேன். ஆனால் ஒரே ஒரு பங்கில், ஒரே தொகையாகப் போட வேண்டும். பிரித்தால் செலவு தின்றுவிடும். அந்தப் பங்கின் ஒரு விலைப்படி அரை விழுக்காட்டைத் தாண்டக் கூடாது, நாள்தோறும் தாராளமாகக் கைமாற வேண்டும். நடைமுறையில் இது 2 ரிங்கிட்டுக்கு மேலுள்ள, பெரிய நிறுவனப் பங்குகளையே குறிக்கும்.

பணம் போடும் முன் ஆறு மாதமாவது தாளில் செய்து பார்க்க வேண்டும். விரிதாளில் A நிரலில் தேதி, B நிரலில் நிறைவு விலை, முதல் வரியில் தலைப்பு. இருபதாவது விலை 21ஆம் வரியில் வரும். C21இலும் D21இலும் இவற்றை எழுதிக் கீழே இழுத்தால் போதும்:

```
C21: =AVERAGE(B2:B21)
D21: =IF(B21>C21,"மேலே","கீழே")
```

D நிரல் மாறும் ஒவ்வொரு நாளுக்கும் மறுநாள் விலையை எழுதுங்கள், குறி கிடைத்த நாளின் விலையை அல்ல. இந்த ஒரு நாள் வித்தியாசத்தை விட்டுவிட்டுப் பழைய விலைகளில் லாபம் கண்டவர்கள் பலர். நம் எடுத்துக்காட்டிலேயே 2.12க்கு வாங்கி 2.08க்கு விற்றதாக எழுதினால் 8 சென் நட்டம் 4 சென்னாகச் சுருங்கிவிடும். ஒவ்வொரு சுற்றுக்கும் கட்டணத்தையும் கழித்துவிடுங்கள்.

விலைகளை எடுக்கும்போது அவை ஊக்கப் பங்கு, பங்குப் பிரிப்பு ஆகியவற்றுக்குச் சரிசெய்யப்பட்டவையா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். 2020 செப்டம்பரில் டாப் குளோவ் நிறுவனம் ஒரு பங்குக்கு இரண்டு ஊக்கப் பங்குகள் கொடுத்தது. கையில் இருந்த ஒரு பங்கு மூன்றானது, ஒவ்வொன்றின் விலை மூன்றில் ஒன்றானது. யாருக்கும் அதனால் நட்டமில்லை. ஆனால் சரிசெய்யாத விலைப்பட்டியலில் அது ஒரே நாளில் நேர்ந்த பயங்கர வீழ்ச்சியாக நிற்கும். 20 நாள் சராசரி அதற்குப் பிறகு பத்தொன்பது வணிக நாள் வரை பழைய பெரிய விலைகளைச் சுமந்துகொண்டு, விலையைவிட மிக உயரத்தில் இருந்து விற்கச் சொல்லிக்கொண்டே இருக்கும். வரைபடத்தில் செங்குத்தான பள்ளம் ஒன்றைக் கண்டால், குறியை நம்பும் முன் புர்சா இணையத்தளத்தில் அந்த நிறுவனத்தின் அறிவிப்புகளைத் திறந்து, அன்றைய தேதியில் ஏதாவது பங்கு மாற்றம் இருந்ததா என்று பார்த்துவிடுங்கள்.